கடிகாரத்தின் முதுகு

அநேகமாக எல்லா வீட்டு இழுப்பறையிலும் ஒன்று கிடக்கிறது. சார்ஜர் தொலைந்து, பெட்டியும் பில்லும் எங்கேயோ போய், திரை கறுத்துப்போன ஸ்மார்ட்வாட்ச். யாரோ பரிசாகக் கொடுத்தது, அல்லது வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் விட்டுச் சென்றது. இது எந்தக் கம்பெனி, எந்த மாடல், எந்த சார்ஜர் பொருந்தும்? பழுது பார்க்கும் கடையில் கொடுத்தால், அவர் முகப்பைப் பார்க்கவே மாட்டார். கையில் வாங்கியதும் கவிழ்த்துவிடுவார். உயிர் இல்லாத திரைகள் எல்லாம் ஒரே கறுப்புதான். அடையாளம் இருப்பது பட்டை மாட்டும் இடத்திலும், மணிக்கட்டைத் தொடும் முதுகிலும்.

முதலில் பட்டை. சாதாரணக் கைக்கடிகாரத்தில் இருப்பதுபோல இரண்டு காதுகளுக்கு நடுவே ஸ்பிரிங் பின் கோத்து மாட்டியிருந்தால், அது மிகப் பெரிய கூட்டத்தைச் சேர்ந்தது. சாம்சங்கின் பல மாடல்களும் விலை குறைந்த ஏராளமான வாட்ச்சுகளும் இப்படித்தான். காதுகளுக்கு இடையே உள்ள இடைவெளி பெரும்பாலும் 20 அல்லது 22 மில்லிமீட்டர். ஸ்கேல் வைத்து அளந்து புதுப் பட்டை வாங்கிவிடலாம். ஆனால் மாடலைக் கண்டுபிடிக்க இந்தப் பொருத்தம் உதவாது, எல்லோரும் பயன்படுத்துகிறார்கள்.

பட்டை பக்கவாட்டில் ஒரு பள்ளத்துக்குள் வழுக்கி நுழைகிறதா? முதுகில் பட்டையை விடுவிக்க நீள்வட்டமாக இரண்டு பொத்தான்கள் இருக்கின்றனவா? அது ஆப்பிள் வாட்ச், அல்லது அதைப் பார்த்துச் செய்தது. ஆப்பிள் பட்டையில் பலரையும் ஏமாற்றும் ஓர் எண் உண்டு: 42. தொடக்க கால மாடல்களில் 42 மில்லிமீட்டர் என்பது பெரிய அளவு; அதன் பட்டை பின்னால் வந்த 44, 45 மில்லிமீட்டர் வாட்ச்சுகளுக்கும் பொருந்தும். 2024-இல் வந்த சீரிஸ் 10-இல் அதே 42 சின்ன அளவாகிவிட்டது. அதற்கு 38, 40, 41 மில்லிமீட்டர் பட்டைகள்தான் சேரும். பட்டையில் '42' என்று மட்டும் பார்த்து வாங்கியவர் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

மூன்றாவது வகை, மாத்திரைபோன்ற சிறு கருவியை ரப்பர் பட்டையின் துவாரத்தில் அழுத்திச் செருகுவது. இதைப் பரவலாக்கியது ஷாவ்மியின் மி பேண்ட். தலைமுறையை அடையாளம் காணும் வித்தையைக் கற்க இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது.

ஒரே மாதிரி இரண்டு கறுப்பு மாத்திரைகள் மேசையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டையுமே 'மி பேண்ட் 4' என்று சொல்லித்தான் விற்றார்கள். முதலாவதைப் பட்டையிலிருந்து பிதுக்கி எடுத்தால் முழுசாக ஒரு மாத்திரை வருகிறது. உலோகத் தொடுபுள்ளிகள் அதன் உடம்பிலேயே இருக்கின்றன. சிறு தொட்டில் போன்ற சார்ஜரில் அதை உட்கார வைக்க வேண்டும். 2019-இல் வந்த மி பேண்ட் 4 இப்படித்தான் சார்ஜ் ஆகும். இரண்டாவதில் பட்டையின் ஒரு பாதியை இழுத்ததும், உள்ளேயிருந்து தட்டையான யுஎஸ்பி முனை எட்டிப் பார்க்கிறது. நேரே போன் சார்ஜரில் செருகிவிடலாம். வசதி என்னவோ இதில்தான் அதிகம்! ஆனால் மி பேண்ட் 4-இல் யுஎஸ்பி முனை கிடையாது. இது எம்3, எம்4 என்ற பெயர்களில் சந்தையைக் குவித்த மலிவு நகல்களில் ஒன்று. திரையில் ஓடும் படமும் பெட்டியின் நிறமும் எவ்வளவுதான் ஒத்துப்போனாலும், இந்த முனை ஒன்றே போதும்.

அசலுக்குள்ளும் சிக்கல் உண்டு. மி பேண்ட் 3-க்கும் 4-க்கும் பட்டை ஒன்றே, சார்ஜர் வேறு. 2020-இல் வந்த மி பேண்ட் 5-இலிருந்து முதுகில் இரண்டு புள்ளிகள், காந்தத்தால் ஒட்டும் கம்பி. சார்ஜ் ஏற்ற மாத்திரையைப் பட்டையிலிருந்து கழற்றவே வேண்டாம். ஆக, பட்டை பொருந்துகிறதே என்று சார்ஜரையும் நம்பிவிடக் கூடாது.

அடுத்தது சென்சார். முதுகின் நடுவில் பச்சையாக மினுக்குகிறதே, அதுதான் நாடித்துடிப்பு அளக்கும் விளக்கு. ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சிக்கொள்ளும்; ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் கூடிக் குறைவதால் திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறையும். அந்த மாற்றத்தைப் பிடிக்க விளக்கின் அருகில் கருத்த சிறு ஒளி உணரி இருக்க வேண்டும். கண்ணாடிக்கு அடியில் விளக்கு மட்டும் தெரிந்து, உணரி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வட்டம் அச்சடித்திருந்தால் சந்தேகப்படலாம். வாட்ச்சைத் துண்டிலோ வாழைப்பழத்திலோ சுற்றி, துடிப்பு காட்டினால் போலி என்று சொல்லும் சோதனை ஒன்று பிரபலம். அதை நம்ப வேண்டாம். நல்ல கருவிகளும் அசைவையும் சிதறிய ஒளியையும் துடிப்பென்று எண்ணி ஓர் எண்ணைக் காட்டிவிடும்.

ஆப்பிளில் சென்சார் தலைமுறையையும் சொல்லிவிடும். சீரிஸ் 3 வரை முதுகில் நான்கு தனித்தனி வட்டங்கள். 2018-இல் வந்த சீரிஸ் 4 முதல் அந்த அமைப்பு போய், சென்சார்கள் நடுவில் ஒரே பெரிய வட்டத்துக்குள் வந்துவிட்டன. பழைய சாமான் விற்பவர் "சீரிஸ் 5 சார், ரொம்ப நல்ல கண்டிஷன்" என்று நீட்டும் வாட்ச்சின் முதுகில் நான்கு வட்டங்கள் இருந்தால், பேரம் பேசாமல் நகர்ந்துவிடலாம்.

கடைசியாகத் தொடுபுள்ளிகள். ஆப்பிள் வாட்ச் எதிலும் முதுகில் வெளியே தெரியும் உலோகப் புள்ளி இருந்ததில்லை. அது தட்டையான காந்த வட்டில் கம்பித் தொடர்பின்றி சார்ஜ் ஏறும். பட்டைப் பள்ளம், திருகு, ஆரஞ்சுப் பொத்தான் வரை நகலெடுத்த போலி 'அல்ட்ரா'க்களில் பல இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன: சென்சாருக்குப் பக்கத்தில் பொன்னிறமாக இரண்டு புள்ளிகள். புள்ளி இல்லாத போலிகளும் உண்டு என்பதால், புள்ளி இல்லை என்பதை மட்டும் வைத்து அசல் என்று முடிவு செய்ய முடியாது. கார்மின் வாட்ச்சுகள் பலவற்றில் புள்ளிக்குப் பதில் முதுகில் ஒரு சிறு குழி, அதற்குள் நான்கு ஊசிகள். கம்பி காந்தமின்றி அதில் செருகிக்கொள்ளும்.

இரண்டு புள்ளி வாட்ச்சுக்கு சார்ஜர் தேடுபவர், புள்ளிகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளக்க வேண்டும். கடைகளில் கிடைப்பவற்றில் 2.84 மில்லிமீட்டரும் 4 மில்லிமீட்டரும் அதிகம். சார்ஜர் தள்ளிவிட்டால் திருப்பி வைத்துப் பார்க்கலாம். ஆனால் காந்தம் 'டக்'கென்று ஒட்டிக்கொண்டதாலேயே சரியான சார்ஜர் என்று ஆகாது. வேறு கம்பெனியின் கம்பியில் பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறியிருக்கலாம். முதல் சில நிமிடங்கள் கையை வைத்துப் பார்த்து, சூடேறினால் உடனே கழற்றிவிட வேண்டும். புள்ளிகளில் பச்சையாகப் பாசிபோலப் படிந்திருந்தால் அது வியர்வை உப்பின் அரிப்பு. பஞ்சு நுனியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாலே சில வாட்ச்சுகள் பிழைத்துக்கொள்ளும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முதுகில் பட்டை மாட்டும் இடத்தருகே பொடி எழுத்தில் ஒரு மாடல் எண் இருக்கும். பூதக்கண்ணாடி வேண்டும், அல்லது போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்க்கலாம். 2022 மார்ச்சில் ஃபிட்பிட் நிறுவனம் தனது அயானிக் வாட்ச்சைத் திரும்பப் பெற்றபோது, அமெரிக்காவில் மட்டும் சுமார் 10 லட்சம் விற்றிருந்தன. பேட்டரி சூடேறித் தோல் வெந்ததாக அங்கே 78 புகார்கள். தங்களிடம் இருப்பது அந்த மாடல்தானா என்று வாங்கியவர்கள் தெரிந்துகொள்ள வழி, வாட்ச்சைக் கவிழ்த்து, பட்டை சேரும் இடத்தருகே FB503 என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பதுதான்.