சீட் ரெடி... சர்டிபிகேட்டும் ரெடி... ஆனா தேதி பழசு! மத்திய பல்கலைக்கழகத்துக்கு இ-மெயில் அனுப்பி என்ன கேட்கணும்?

திருவாரூர்:

பிளஸ்-2 முடிச்சு, க்யூட் நுழைவுத் தேர்வும் எழுதி, மார்க்கும் வந்தாச்சு. திருவாரூர் நீலக்குடியில் உள்ள தமிழ்நாடு மத்திய பல்கலைக்கழகத்திலோ, புதுச்சேரி பல்கலைக்கழகத்திலோ சேரலாம்னு கனவோடு போற பிள்ளைகளில் சிலர் சர்டிபிகேட் சரிபார்க்கிற இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். காரணம் மார்க் இல்லை. ஓ.பி.சி. சான்றிதழில் உள்ள தேதி.

ஒரே ஒரு இ-மெயில், அதுவும் சரியான நேரத்தில் அனுப்பியிருந்தால் இந்த சிக்கலே வந்திருக்காது. அந்த மெயிலை எப்போ அனுப்பணும், அதில் என்ன கேட்கணும் என்று பார்ப்போம்.

நம்ம சான்றிதழ் அங்கே செல்லாதா?

நம்ம ஊரில் பி.சி., எம்.பி.சி. என்று ஜாதி சான்றிதழ் வைத்திருப்போம். ஒரு தடவை வாங்கினால் போதும், நிரந்தரமாக செல்லும். அண்ணா பல்கலைக்கழகம், அரசு கலைக் கல்லூரி என்று மாநில அரசு சார்ந்த இடங்களில் அதையே காட்டலாம்.

மத்திய அரசு நிறுவனங்களில் கதை வேறு. அங்கே பி.சி., எம்.பி.சி. என்ற பிரிவே கிடையாது. இரண்டையும் சேர்த்து ஓ.பி.சி. என்பார்கள். இதற்கு 27 சதவீத இடஒதுக்கீடு உண்டு. ஆனால் ஓ.பி.சி.யிலும் வசதி படைத்தவர்களுக்கு, அதாவது 'கிரீமிலேயர்' என்று சொல்லப்படுகிறவர்களுக்கு, இந்த ஒதுக்கீடு இல்லை. அதனால் 'நான் கிரீமிலேயர் இல்லை' என்று தாசில்தார் கையெழுத்திட்ட தனி சான்றிதழ் வேண்டும். அதைத்தான் ஓ.பி.சி. - என்.சி.எல். சான்றிதழ் என்கிறார்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மேசை தாண்டி வரும்.

இன்னொரு விஷயம். தமிழ்நாட்டு பட்டியலில் உள்ள எல்லா ஜாதியும் மத்திய அரசு பட்டியலில் இருப்பதில்லை. உங்கள் பிரிவு இருக்கிறதா என்று தேசிய பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தின் ncbc.nic.in தளத்தில் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏன் வருஷா வருஷம்?

ஜாதி மாறாது, ஆனால் வருமானம் மாறும். இந்த வருஷம் ஏழையாக இருந்தவர் அடுத்த வருஷம் வசதியாகிவிடலாம் என்பது மத்திய அரசின் கணக்கு. அதனால் ஐ.ஐ.டி., மத்திய பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் பெரும்பாலும் 'இந்த ஆண்டு ஏப்ரல் 1-ந்தேதி அல்லது அதற்குப் பிறகு வாங்கிய சான்றிதழ்' என்று கேட்கிறார்கள். ஏப்ரல் 1 என்பது நிதி ஆண்டின் முதல் நாள்.

இங்கேதான் கண்ணி இருக்கிறது. க்யூட் விண்ணப்பம் ஆண்டின் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. 2025-ல் மார்ச் மாதம் விண்ணப்பம் வாங்கினார்கள். ரிசல்ட் ஜூலை 4-ந்தேதி வந்தது. விண்ணப்பத்தில் ஓ.பி.சி. என்று குறிப்பிட வேண்டும் என்பதற்காக பிள்ளைகள் பிப்ரவரி, மார்ச்சிலேயே ஓடி ஓடி சான்றிதழ் வாங்கிவிடுகிறார்கள். ஜூலையில் அட்மிஷனுக்குப் போகும்போது நடுவில் ஏப்ரல் 1 தாண்டிவிட்டது. சான்றிதழ் வாங்கி ஆறு மாசம்கூட ஆகவில்லை, ஆனால் அது 'போன வருஷத்து' சான்றிதழ் ஆகிவிடுகிறது.

அப்புறம் என்ன நடக்கும்? ஓ.பி.சி. பிரிவில் இருந்து எடுத்து பொதுப்பிரிவில் வைப்பார்கள். பொதுப்பிரிவு கட்-ஆப் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். அதற்கு மார்க் போதவில்லை என்றால் சீட் போச்சு.

எல்லா இடத்திலும் ஒரே விதி இல்லை

சில நிறுவனங்கள் ஏப்ரல் 1 என்று கறாராக இருக்கும். சில இடங்களில், புது சான்றிதழ் கைக்கு வராவிட்டால் 'குறிப்பிட்ட தேதிக்குள் கொடுத்துவிடுகிறேன்' என்று உறுதிமொழி எழுதி வாங்கிக்கொள்வார்கள். ஐ.ஐ.டி. சேர்க்கைக்கான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வில் பதிவு செய்யும்போது இப்படி உறுதிமொழி கொடுக்க வழி வைத்திருக்கிறார்கள். நீங்கள் சேரப்போகும் பல்கலைக்கழகத்தில் எப்படி என்பதை அந்த ஆபீஸ்தான் சொல்ல முடியும். பக்கத்து வீட்டு அண்ணன் போன வருஷம் சேர்ந்தார், அவரைக் கேட்டேன் என்பது உதவாது. விதி ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

அதனால்தான் இ-மெயில். போனில் கேட்டாலும் பதில் கிடைக்கலாம். ஆனால் நாளைக்கு கவுண்ட்டரில் நிற்கும்போது 'போனில் சொன்னாங்க சார்' என்றால் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். மெயில் பதில் எழுத்தில் இருக்கும், தேதியோடு இருக்கும்.

எந்த அட்ரசுக்கு?

வாட்ஸ்-அப்பில் சுற்றும் மெயில் ஐ.டி.யை நம்பாதீர்கள். பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்தில் 'அட்மிஷன்' பகுதியையும், சேர்க்கை கையேட்டையும் பாருங்கள். திருவாரூர் பல்கலைக்கழகத்தின் தளம் cutn.ac.in. கையேட்டில் சேர்க்கை சந்தேகங்களுக்கு என்று தனி மெயில் முகவரி கொடுத்திருந்தால் அதற்கு மட்டும் அனுப்புங்கள். துணைவேந்தர், பதிவாளர் என்று கண்ணில் பட்ட எல்லா அட்ரசுக்கும் அனுப்பினால், 'அவர் பார்த்துக்குவார்' என்று இவரும், 'இவர் பார்த்துக்குவார்' என்று அவரும் விட்டுவிடுவார்கள்.

இப்படி கேட்டால் பதில் வராது

'சார், அட்மிஷன் லாஸ்ட் டேட் எப்போ? என்னென்ன சர்டிபிகேட் வேணும்?' என்று ஒரு வரி அனுப்பினால், 'இணையதளத்தைப் பார்க்கவும்' என்று ஒரு வரி பதில்தான் வரும். ஏனென்றால் அந்த விவரம் கையேட்டிலேயே இருக்கிறது. கையேட்டைப் படித்த பிறகும் தீராத சந்தேகத்தைத்தான் கேட்க வேண்டும்.

ஒரு உதாரணம் பார்ப்போம். மன்னார்குடியில் தையல் கடை வைத்திருப்பவரின் மகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் 12-ந்தேதி ஓ.பி.சி. சான்றிதழ் வாங்கிவிட்டார். ஜூன் கடைசியில்தான் ஏப்ரல் 1 விஷயம் தெரிகிறது. ஜூன் 29-ந்தேதி இ-சேவையில் புதுசுக்கு விண்ணப்பித்து ரசீதும் வாங்கிவிட்டார். பல்கலைக்கழக பதிவுக்கு கடைசி தேதி ஜூலை 10. அதற்குள் கிடைக்குமா என்று தெரியாது. அவர் மெயில் எப்படி இருக்க வேண்டும்?

முதலில் தலைப்பு. அதைப் பார்த்தாலே விஷயம் புரியணும்:

```
OBC-NCL certificate date - UG admission - CUET Application No.
```

கடைசியில் தன் விண்ணப்ப எண்ணைப் போட வேண்டும். உள்ளே எழுதுவதை ஆங்கிலத்தில் எழுதுவது நல்லது. அதன் விவரம் தமிழில் இதுதான்:

"ஐயா/அம்மா, வணக்கம். நான் க்யூட் தேர்வு எழுதி, உங்கள் பல்கலைக்கழகத்தில் இளநிலை கணிதப் படிப்புக்கு ஓ.பி.சி. பிரிவில் பதிவு செய்கிறேன். சேர்க்கை கையேட்டில் சான்றிதழ் பற்றிய பகுதியைப் படித்தேன். என்னிடம் மார்ச் 12-ந்தேதி வாங்கிய சான்றிதழ் உள்ளது. ஜூன் 29-ந்தேதி புதுசுக்கு விண்ணப்பித்து, ரசீது வைத்திருக்கிறேன்.

1. மார்ச் 12-ந்தேதி சான்றிதழ் ஏற்கப்படுமா, அல்லது ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதுதான் வேண்டுமா?

2. ஜூலை 10-க்குள் புதுசு வராவிட்டால், ரசீதும் உறுதிமொழியும் பதிவேற்றினால் ஓ.பி.சி. பிரிவிலேயே வைப்பீர்களா?

3. அப்படியானால் புது சான்றிதழை எந்த தேதிக்குள் கொடுக்க வேண்டும்?"

கடைசியில் பெயர், விண்ணப்ப எண், செல்போன் நம்பர். அவ்வளவுதான். வீட்டு கஷ்டம் எதுவும் எழுத வேண்டாம். மூன்று கேள்விக்கும் 'ஆமாம், இல்லை, இந்த தேதி' என்று பதில் சொல்லிவிடலாம் என்பதால் ஆபீசில் உட்கார்ந்திருப்பவருக்கும் சுலபம். ஆதார் கார்டு, பாஸ்வேர்டு, ஓ.டி.பி. எதையும் மெயிலில் அனுப்பாதீர்கள். பழைய சான்றிதழும் ரசீதும் மட்டும் இணைத்தால் போதும்.

இன்னொரு கடைசி தேதி

க்யூட் எழுதிட்டோம், அதுவே போதும் என்று நினைத்து ஏமாறுகிறவர்களும் உண்டு. க்யூட் நடத்துவது தேசிய தேர்வு முகமை. பரீட்சை, மார்க் வரைக்கும்தான் அவர்கள் வேலை. சீட் கொடுப்பது பல்கலைக்கழகம். ரிசல்ட் சமயத்தில் அந்தந்த பல்கலைக்கழக தளத்தில் போய் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு சில நாட்கள்தான் அவகாசம் இருக்கும். மெயிலில் கேட்கும் கடைசி தேதி இந்தப் பதிவுக்கானது என்பதை தெளிவாக எழுதுங்கள். மொட்டையாக 'லாஸ்ட் டேட்' என்றால் க்யூட் தேதியையே பதிலாக அனுப்பிவிட வாய்ப்பு உண்டு.

பதில் வந்ததும், வராவிட்டாலும்

பதில் வந்தால் முதலில் அனுப்பிய முகவரியைப் பாருங்கள். அந்த @ குறிக்குப் பிறகு பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்க வேண்டும். 'சான்றிதழ் பிரச்சினையை சரிசெய்ய பணம் கட்டுங்க' என்று ஏதாவது வந்தால் அது மோசடி. சரியான பதில் என்றால் பிரிண்ட் எடுத்து சான்றிதழ் பைலோடு வையுங்கள்.

'கையேட்டைப் பார்க்கவும்' என்று மட்டும் பதில் வந்தால் சோர்ந்துவிட வேண்டாம். அதே மெயிலுக்கு கீழேயே, கையேட்டின் பக்க எண்ணைச் சொல்லி, 'இதில் உறுதிமொழி பற்றி எதுவும் இல்லை, தயவுசெய்து சொல்லவும்' என்று மறுபடி கேளுங்கள். மூன்று வேலை நாளில் பதிலே இல்லை என்றால், கையேட்டில் உள்ள போன் நம்பரில் பேசி, மெயில் அனுப்பிய தேதியைச் சொல்லுங்கள். அதற்கும் பலன் இல்லை என்றால், ஏப்ரல் 1 விதி இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, இ-சேவை ரசீதோடு தாசில்தார் ஆபீசில் நேரில் கேட்டு புது சான்றிதழை வாங்கிவிடுவதுதான் பாதுகாப்பு.

எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு இந்த தொல்லை கிடையாது. அவர்களுக்கு கிரீமிலேயர் கணக்கு இல்லாததால் நிரந்தர சான்றிதழே போதும். பொதுப்பிரிவில் பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கான இ.டபிள்யூ.எஸ். சான்றிதழுக்கு ஓ.பி.சி. போலவே ஆண்டுக் கணக்கு உண்டு.

அடுத்த வருஷம் க்யூட் எழுதப்போகும் பிள்ளை வீட்டில் இருந்தால், காலண்டரில் ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு வட்டம் போட்டு வையுங்கள். விண்ணப்பத்துக்காக முன்னாடியே ஒரு சான்றிதழ் வாங்கியிருந்தாலும், அந்த வாரத்தில் இ-சேவை மையத்துக்குப் போய் இன்னொன்றுக்கு விண்ணப்பித்துவிட்டால், ஜூலையில் மெயில் அனுப்பிவிட்டு பதிலுக்குக் காத்திருக்கும் வேலை மிச்சம்.