ஓடும் சரக்கு, தேங்கிய சரக்கு, காணாத சரக்கு

பில் போடும் கணினியிடம் மாதக் கடைசியில் இருப்பு விவரம் கேட்டால் நாற்பது பக்கம் அச்சடித்துத் தள்ளிவிடும். ஆயிரத்து ஐந்நூறு பொருள் இருக்கிற மளிகைக் கடையில் அது அத்தனையும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் முதலாளி முதல் இரண்டு பக்கத்தைப் புரட்டுவார், கல்லாவுக்குக் கீழே வைப்பார், அவ்வளவுதான். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு தாள். எதை இன்றே ஆர்டர் போட வேண்டும், எதை இனி வாங்கக் கூடாது, எது கணக்கில் இருந்தும் அலமாரியில் இல்லை என்ற மூன்றையும் அந்தத் தாள் சொல்லிவிட வேண்டும்.

தென்காசிப் பக்கம் ஒரு சிற்றூரில் நடுத்தர மளிகைக் கடை ஒன்று இருப்பதாக வைத்துக்கொண்டு, அதன் மாத அறிக்கையை எழுதிப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்காகச் சொல்பவை. கணக்குப் போடும் முறை எந்தக் கடைக்கும் இதுதான்.

அடிப்படைக் கணக்கு எளிது. மாதம் தொடங்கும்போது இருந்த இருப்போடு அந்த மாதக் கொள்முதலைக் கூட்டி, கடைசியில் மீந்திருப்பதைக் கழித்தால் வெளியே போன அளவு கிடைக்கும். ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட் ஒன்றாம் தேதி 60 இருந்தது, இடையில் 240 வந்தது, முப்பதாம் தேதி எண்ணும்போது 40 இருக்கிறது. போனது 260. நாளுக்கு ஒன்பது பாக்கெட் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் மீதமிருக்கும் 40 நாலரை நாளைக்குக்கூடக் காணாது. ஏஜென்சி சேல்ஸ்மேன் வாரத்துக்கு ஒரு தடவைதான் வருகிறார், ஆர்டர் கொடுத்து இரண்டு நாள் கழித்துத்தான் வண்டியில் சரக்கு இறங்கும். அதாவது எப்போதும் ஒன்பது நாள் சரக்கு கையில் வேண்டும், அதற்கு மேல் மூன்று நாள் சேமக் கையிருப்பு. பன்னிரண்டு நாளுக்கு 108 பாக்கெட். இருப்பு அதற்குக் கீழே இறங்கிய அன்றே ஆர்டர் போட்டிருக்க வேண்டும். ஆகவே அறிக்கையின் முதல் பகுதியில், வேகமாக ஓடும் பொருள் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘எத்தனை விற்றது’ என்பதோடு ‘இன்னும் எத்தனை நாளைக்கு வரும்’ என்பதும் இருக்க வேண்டும். முதலாளி பார்க்கும் எண் இந்த இரண்டாவதுதான்.

இந்தப் பகுதிக்கு இருபது, முப்பது பொருள் போதும். பாக்கெட்டுக்கு எத்தனை ரூபாய் நிற்கிறது என்று இன்னொரு கட்டமும் போட்டுவிடலாம். எண்ணெயும் சர்க்கரையும் மூட்டை மூட்டையாகப் போகும், லாபம் சொற்பம். ஆனால் ஆட்களைக் கடைக்கு இழுப்பது அவைதான். லாபம் குறைவென்று அவற்றைக் குறைத்தால் கூட வாங்கும் சீரகமும் சோப்பும் சேர்ந்து குறையும்.

இனி, பெரும்பாலான அறிக்கைகள் முதலாளியை ஏமாற்றுகிற இடம். அரைக் கிலோ உளுந்து பாக்கெட்டைப் பாருங்கள். தொடக்கம் 30, கொள்முதல் 60, கடைசி இருப்பு பூஜ்யம். விற்றது 90. எண்ணெயோடு ஒப்பிட்டால் சாதாரணப் பொருள்தான், அடுத்த மாதமும் 90 வாங்கினால் சரி என்று தோன்றும். ஆனால் உளுந்து பதினெட்டு நாள்தான் கடையில் இருந்தது. மீதிப் பன்னிரண்டு நாளும் கேட்டவர்களுக்கு ‘நாளைக்கு வாங்க’ என்ற பதில்தான். 90ஐப் பதினெட்டால் வகுத்தால் நாளுக்கு ஐந்து. முப்பது நாளும் சரக்கு இருந்திருந்தால் 150 போயிருக்கும். அறுபது பாக்கெட் வியாபாரம் கைநழுவியது, பாக்கெட்டுக்குப் பன்னிரண்டு ரூபாய் லாபம் என்றால் 720 ரூபாய். அதைவிடப் பெரிய நஷ்டம், உளுந்து இல்லை என்றவர் அரிசி, பருப்பு, எண்ணெய்ச் சிட்டையை மொத்தமாகப் பக்கத்துக் கடைக்கு எடுத்துப் போனது. அது எந்தக் கணக்கிலும் வராது.

விற்ற அளவை மட்டும் பார்த்து ஆர்டர் போடும் கடையில் இந்தத் தவறு மாதாமாதம் தன்னைத்தானே உறுதிப்படுத்திக்கொள்ளும். சரக்கு இல்லாததால் விற்பனை குறையும், விற்பனை குறைந்ததால் சரக்குக் குறைவாக வரும். ஆகவே தட்டுப்பாட்டுப் பகுதியில் ‘எத்தனை நாள் இருப்பு இல்லை’ என்ற கட்டம் கட்டாயம். கணினி அதைத் தானாகத் தந்தால் நல்லது. இல்லையென்றால் கல்லாப் பக்கத்தில் ஒரு நோட்டு தொங்கட்டும். எந்தப் பொருள் தீர்ந்தது, எந்தத் தேதியில் மறுபடி வந்தது, கடையில் வைக்காத எதை எத்தனை பேர் கேட்டார்கள் என்று பையன் எழுதிப்போடட்டும். டேலியில் <code>Reorder Status</code> என்ற பட்டியல் உண்டு, ஆனால் எந்த அளவுக்குக் கீழே போனால் எச்சரிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது நாம்தான். 90 என்ற பொய்யான விற்பனையை வைத்து அந்த அளவைக் குறித்திருந்தால் எச்சரிக்கையும் தாமதமாகத்தான் வரும்.

அடுத்தது தேங்கிய சரக்கு. இதற்கு அளவுகோல் கடைசியாக விற்ற தேதியும் காலாவதித் தேதியும். எத்தனை இருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான். இந்தக் கடையில் பாதாம் சுவையுள்ள சத்து பானப் பொடி ஒன்று இருக்கிறது. நான்கு மாதம் முன்பு சேல்ஸ்மேன் ஸ்கீம் சொன்னார்: 24 டப்பா எடுத்தால் 2 இலவசம். டப்பா 210 ரூபாய், 5,040 ரூபாய் கொடுத்து 26 டப்பா வந்தது. அடக்கம் ஒன்றுக்கு 194 ரூபாய் வரும், மனசுக்கு இதமாகத்தான் இருக்கும். நான்கு மாதத்தில் விற்றது 7. மீதம் 19, கிட்டத்தட்ட 3,680 ரூபாய். காலாவதிக்கு இன்னும் ஐந்து மாதம்.

இதை ‘இருப்பு 19’ என்று மட்டும் எழுதினால் யாருக்கும் உறைக்காது. இந்த வேகத்தில் ஐந்து மாதத்தில் இன்னும் ஒன்பது டப்பா போகும், பத்து குப்பைக்குப் போகும் என்று எழுதினால் உறைக்கும். பத்து டப்பா என்றால் 1,940 ரூபாய். இலவசமாக வந்த இரண்டின் விலை 420. ஆதாயத்தைவிட நாலரை மடங்கு நஷ்டம். அந்தப் பத்தையும் இப்போதே 180 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டால் டப்பாவுக்குப் பதினான்கு ரூபாய் வீதம் 140 ரூபாயோடு போயிற்று. ஐந்தாவது மாதத்தில் இதே விலை சொன்னால் தேதியைப் பார்த்துவிட்டு யாரும் எடுக்க மாட்டார்கள். திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று ஏஜென்சியிடம் கேட்பதும் இப்போதே செய்ய வேண்டிய வேலை. இதில் கம்பெனிக்குக் கம்பெனி வழக்கம் மாறும். சிலர் காலாவதிக்கு முன்னால் இத்தனை நாளுக்குள் சொன்னால்தான் எடுப்பார்கள், சிலர் வாய்திறக்கவே மாட்டார்கள். வாங்கும்போதே கேட்டு பில்லின் பின்னால் குறித்துவைத்தவர் புத்திசாலி. கெட்டுப்போய்த் தூக்கியெறிந்த சரக்குக்கு, வாங்கும்போது செலுத்திய ஜிஎஸ்டிக்கு எடுத்த உள்ளீட்டு வரிச் சலுகையையும் திருப்ப வேண்டும். ஆகவே அழித்தவற்றைத் தேதியோடு எழுதி ஆடிட்டரிடம் கொடுப்பது நல்லது.

ஒரு எச்சரிக்கை. மெதுவாகப் போவதெல்லாம் தேங்கியது ஆகாது. புரட்டாசியில் கறிமசாலா படுத்துவிடும், ஐப்பசியில் எழுந்துவிடும். தை பிறக்கும் முன் பாகு வெல்லமும் முந்திரியும் ஓடும், பிறகு ஓய்ந்துவிடும். நம் மாதங்கள் ஆங்கில மாதத்தின் நடுவில் தொடங்குவதால் செப்டம்பர், அக்டோபர் இரண்டு அறிக்கையிலும் புரட்டாசி பாதிப் பாதியாகக் கலந்துகிடக்கும். அதனால் போன மாதத்தோடு மட்டும் ஒப்பிடாமல், போன வருடம் இதே மாதத்தின் எண்ணையும் ஓரத்தில் போட்டுவைத்தால் தப்பித்தோம்.

மூன்றாவது காணாத சரக்கு. இதற்கு அலமாரியை எண்ணாமல் வழியில்லை. ஆயிரத்து ஐந்நூறு பொருளையும் ஒரே நாளில் எண்ணுவது நடக்காது. விலை கூடிய ஐம்பது பொருளை மாதாமாதமும், மற்றவற்றை நாளுக்கு ஒரு அலமாரி என்றும் எண்ணலாம். காலையில் ஷட்டர் தூக்கி முதல் பில் போடுவதற்கு முன் எண்ணிவிட வேண்டும். வியாபாரத்துக்கு நடுவே எண்ணினால் கணக்கு ஒருபோதும் ஒட்டாது.

வித்தியாசம் வந்ததும் கடைப் பையனைச் சந்தேகப்படுவது முதலாளிகளின் பழக்கம். அதற்கு முன் பக்கத்துப் பொருளையும் எண்ணிப் பாருங்கள். அரை லிட்டர் தேங்காய் எண்ணெய் எட்டு குறைந்து, கால் லிட்டர் அதே எட்டு கூடுதலாக இருந்தால் யாரும் எடுக்கவில்லை. பெரிய பாட்டிலைக் கொடுத்துவிட்டுச் சின்ன பாட்டிலுக்கு பில் போட்டிருக்கிறார்கள். கணக்கில் இருப்பு பூஜ்யத்துக்கும் கீழே மைனஸில் காட்டினால், வந்த சரக்கைப் பதிவு செய்வதற்குள் விற்க ஆரம்பித்திருக்கிறார்கள், அல்லது பெட்டிக் கணக்கில் வந்ததைத் துண்டுக் கணக்கில் பதிந்திருக்கிறார்கள். ஐம்பது கிலோ துவரம்பருப்பு மூட்டையை அரைக் கிலோவாகக் கட்டினால் நூறு பாக்கெட் வராது. சாக்கின் எடை, தூசி, ஒவ்வொரு பாக்கெட்டிலும் தராசு கொஞ்சம் தாராளமாக நிற்பது என்று ஒன்றிரண்டு குறையும். புளியும் வெல்லமும் இருக்கிற இடத்திலேயே எடை மாறும். நாலைந்து மூட்டை கட்டிப் பார்த்து, இவ்வளவு குறைவது வழக்கம் என்று ஓர் எல்லை வைத்துக்கொண்டால், அதைத் தாண்டியதை மட்டும் விசாரிக்கலாம்.

பிறகு முதலாளி வீட்டுக்குப் போகும் சாமான். அம்மா போன் செய்தார்கள் என்று நெய்யும் ரவையும் பையில் போட்டு அனுப்புவது, வந்த விருந்தாளிக்கு பிஸ்கட் உடைப்பது எதற்கும் பில் கிடையாது. பல கடைகளில் காணாத சரக்கின் பெரும்பங்கு இப்படித்தான் வெளியே போகிறது என்பதைக் கணக்கு எழுதுபவர் அறிவார், சொல்ல மாட்டார். வீட்டுக் கணக்கு என்று ஒரு பெயரில் பில் போட்டுவிட்டால் அவரும் தப்பித்தார், பையனும் தப்பித்தான்.

ஆக அந்த ஒரு தாளில் மேலே கொள்முதல் விலையில் மொத்த இருப்பு மதிப்பு எவ்வளவு, போன மாதம் எவ்வளவு. கீழே மூன்று பகுதி. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ‘என்ன செய்வது’ என்று ஒரு கட்டம்: உளுந்துக்கு ‘150 வாங்கு’, பொடிக்கு ‘10 டப்பா 180 ரூபாய்க்கு, இனி ஸ்கீம் வேண்டாம்’, தேங்காய் எண்ணெய்க்கு ‘பில் போடுபவரிடம் பேசு’. அதற்குப் பக்கத்தில், போன மாதம் எழுதியது நடந்ததா என்பதற்கு இன்னொரு கட்டம். சம்பளம் வாங்கியவர்கள் மாதத்தின் முதல் வாரத்தில்தான் மொத்தச் சிட்டையோடு வருவார்கள். ஆகவே முப்பதாம் தேதி வரை காத்திருக்காமல் இருபத்தைந்தாம் தேதியே கணக்கை முடித்துவிடும் கடைகள் உண்டு. அடுத்த வாரம் வரும் சேல்ஸ்மேனிடம் கொடுக்கும் ஆர்டர் அப்போதுதான் முதல் தேதிக்குள் கடையில் இறங்கும்.