மனையில் இட்ட பணமும் வைப்பில் இட்ட பணமும்

சேமிப்பு என்றவுடன் நம்மவருள் பலர் நிலத்தையே நினைக்கின்றனர். கண்ணால் காணலாம், காலால் மிதிக்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம் என்பது அவர்கள் கூற்று. இக்கூற்றில் உண்மை உண்டு. எனினும், சேமித்த பணம் வேண்டும்பொழுது, வேண்டிய அளவில் திரும்பக் கிடைக்கவேண்டும் என்பதும் சேமிப்பின் இலக்கணம் அன்றோ? மலேசியாவில் ஒரு காலி மனையையும், அதே தொகையைப் பேங்கில் தவணை வைப்பாக இடுவதையும் அருகருகே வைத்து இதனை ஆராய்வோம்.

ஆசிரியர் ஒருவர் 120,000 வெள்ளிக்கு ஒரு மனை வாங்குவதாகக் கொள்வோம். விலையோடு செலவு முடிவதில்லை. பெயர் மாற்றத்திற்கான முத்திரைத் தீர்வை முதல் 100,000 வெள்ளிக்கு நூற்றுக்கு 1, அதற்கு மேல் 500,000 வரை நூற்றுக்கு 2 ஆகும். ஆகவே அவர் 1,400 வெள்ளி செலுத்துகிறார். வழக்கறிஞர் கட்டணம் நூற்றுக்கு ஒன்றேகால் வீதம் 1,500 வெள்ளி. சில்லறைச் செலவுகளை விட்டுவிட்டாலும், மனை அவர் கைக்கு வரும்போது 122,900 வெள்ளி ஆகிவிடுகிறது. பின்னர் ஆண்டுதோறும் நில வரி கட்டவேண்டும், புல் வெட்டவேண்டும். இவற்றுக்கு ஆண்டுக்கு 400 வெள்ளி என்று வைப்போம்.

நாலரை ஆண்டு கழித்து அதே மனை 150,000 வெள்ளிக்கு விலைபோகிறது. "முப்பதாயிரம் ஆதாயம்" என்று ஊரார் சொல்வர். உண்மை ஆதாயம் எவ்வளவு? தரகருக்கு நூற்றுக்கு 3 வீதம் 4,500, வழக்கறிஞருக்கு 1,875. வாங்கியபோதும் விற்றபோதும் ஆன செலவுகளைக் கழித்தால் 20,725 எஞ்சும். குடிமக்கள் நிலத்தை மூன்று ஆண்டுக்குள் விற்றால் ஆதாயத்தில் நூற்றுக்கு 30-உம், நான்காம் ஆண்டில் 20-உம், ஐந்தாம் ஆண்டில் 15-உம் சொத்து ஆதாய வரியாகச் செலுத்தவேண்டும். ஆறாம் ஆண்டு முதல் வரி இல்லை. நம் ஆசிரியர் விற்பது ஐந்தாம் ஆண்டில். 10,000 வெள்ளி விலக்குப் போக, எஞ்சியதற்கு வரி ஏறத்தாழ 1,609. நில வரியும் புல் வெட்டிய கூலியும் 1,800. முடிவில் கையில் நிற்பது ஏறக்குறைய 17,300 வெள்ளி.

அந்த 122,900 வெள்ளியை ஆண்டுக்கு நூற்றுக்கு 3 வட்டியில் தவணை வைப்பாக இட்டு, வட்டியையும் முதலோடு சேர்த்து வந்திருந்தால் நாலரை ஆண்டில் ஏறத்தாழ 17,500 வெள்ளி கிடைத்திருக்கும். நூற்றுக்கு 25 விலையேறிய மனை, அமைதியாகக் கிடந்த வைப்புத்தொகையை வெல்லவில்லை. நிலத்தின் ஆதாயத்தை வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வேறுபாடாகக் கருதுவோர் இந்த இடத்திலேதான் ஏமாறுகின்றனர்.

இனி, அவசரம் வந்துவிட்டது என்று எண்ணிப் பாருங்கள். மகளின் பல்கலைக்கழகக் கட்டணத்தை இரண்டு மாதத்தில் கட்டவேண்டும். தவணை வைப்பை முறித்தால் அத்தவணையின் வட்டி போகும், முதல் குறையாது. தேவையான அளவுக்குத் தனித்தனிச் சீட்டுகளாகப் பிரித்து வைத்திருந்தால் இழப்பு இன்னும் சிறிது. மனையிலோ ஒரு மூலையை மட்டும் வெட்டி விற்க இயலாது. வாங்குவோரைத் தேடவேண்டும். காலி நிலத்துக்கு வீட்டைப்போல் தாராளமாகப் பேங்குகள் கடன் தருவதில்லை; ஆதலால் வாங்க வல்லவர்களும் சிலரே. ஒருவர் கிடைத்தாலும், வழக்கமாக முன்பணம் நூற்றுக்கு 10. மீதி மூன்று மாதத்தில். உரிமைப்பத்திரத்தில் மாநில அரசின் இசைவின்றிக் கைமாற்றக்கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தால் காத்திருப்பு மேலும் நீளும். அவசரத்துக்காக 150,000 கேட்கவேண்டிய இடத்தில் 135,000-க்கு இசைந்தால், வரியே இல்லாமலும் செலவெல்லாம் போகக் கையில் நிற்கும் ஆதாயம் ஏறத்தாழ 4,500 வெள்ளிதான். விலையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தது. ஆதாயத்தில் நான்கில் மூன்று பங்கு மறைந்தது.

அடுத்தது பத்திரம். 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தின்படி தீபகற்ப மலேசியாவில் நில உரிமை பதிவேட்டில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டதாலோ, பணம் கொடுத்ததாலோ உரிமை கைமாறிவிடாது. பெயர் பதிவாக வேண்டும். எனவே வாங்குமுன் நில அலுவலகத்தில் 'சாரியான் ரஸ்மி' எனப்படும் அதிகாரபூர்வத் தேடல் செய்து, உரிமையாளர் யார், அடமானம் உண்டா, கவியட் உண்டா, நிலம் நிரந்தர உரிமையா குத்தகையா, பயன்பாடு கட்டடத்துக்கா விவசாயத்துக்கா என்பவற்றைக் காணவேண்டும். விவசாய நிலத்தைச் சிறு சிறு மனையாகப் பிரித்துத் தருவோம் என்று சொல்லி விற்பவரிடம் சிறப்பாக எச்சரிக்கை வேண்டும். பயன்பாட்டை மாற்றாதவரை, ஐந்தில் இரண்டு ஹெக்டருக்கு, அதாவது ஏறத்தாழ ஓர் ஏக்கருக்குக் குறைவாக அதைப் பிரிக்கச் சட்டம் பொதுவாக இடந்தராது. அத்தகைய மனைக்குத் தனிப் பத்திரம் கேளுங்கள். "பின்னால் வரும்" என்பது பதிலானால், நீங்கள் வாங்குவது வாக்குறுதியைத்தான்.

பதிவான பின்னும் பத்திரத்தைப் பெட்டியில் பூட்டி மறந்துவிடலாகாது. பினாங்கு நிலம் ஒன்றை ஆள்மாறாட்டம் செய்து விற்றுவிட்ட வழக்கில், 2000-ஆம் ஆண்டில் கூட்டரசு நீதிமன்றம் உண்மை உரிமையாளருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2010-இல் வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம் அக்கொள்கை தவறென்று கூறி, போலிப் பத்திரத்தின்வழி வாங்கியவரின் உரிமை செல்லாது என்றது. எனினும் அவரிடமிருந்து நல்லெண்ணத்துடன் விலைகொடுத்து வாங்கும் அடுத்தவருக்குச் சட்டம் காவலாகவே நிற்கிறது. எனவே தொலைவிலுள்ள மனைக்கு அவ்வப்போது தேடல் செய்துகொள்வது நலம். நில வரி பல ஆண்டு கட்டாமல் விட்டால், அறிவிப்புக்குப்பின் நிலம் அரசின் வசமாகவும் கூடும்.

மூன்றாவது, விலை இறங்கும் அபாயம். நிலம் இறங்குவதில்லை என்ற எண்ணத்துக்குக் காரணம், அதன் விலை நாள்தோறும் அச்சாவதில்லை என்பதே. 1997 தொடக்கத்தில் 1,270 புள்ளிக்கு மேலிருந்த கோலாலம்பூர் பங்குக் குறியீடு, 1998 செப்டம்பர் 1-இல் 262 புள்ளிக்கு வந்ததை எல்லோரும் கண்டனர். விலைப்பட்டியல் இல்லாத மனையின் வீழ்ச்சி, விற்கப் போனவருக்கு மட்டுமே தெரியும். பங்குகளைப்போல் அன்றி, பேங்கு வைப்புக்கு ஓர் ஆளுக்கு ஒரு பேங்கில் 250,000 வெள்ளி வரை காப்புறுதி உண்டு. ஊழியர் சேமநிதியின் வழக்கமான கணக்குக்குக் குறைந்தது நூற்றுக்கு இரண்டரை ஈவு சட்டத்தால் உறுதி செய்யப்பட்டுள்ளது. இவற்றுக்கும் குறை உண்டு. விலைவாசி வட்டியைவிட விரைந்து ஏறினால், தொகை வளர்ந்தும் அதன் வாங்கும் ஆற்றல் தேயும். பல ஆண்டு காத்திருக்க வல்லவருக்கு நிலம் துணைசெய்வது அங்கேதான்.

ஆகவே அளவுகோல் காலமே. ஆறு ஆண்டுக்குள் தேவைப்படக்கூடிய பணத்தை மனையில் இடவேண்டாம். நோய்க்கும் படிப்புக்கும் வேண்டியதை வைப்பிலும் சேமநிதியிலும் நிறுத்திய பின், எஞ்சியதைக் கொண்டு தனிப் பத்திரமுள்ள மனையை வாங்குபவர், நல்ல விலை வரும்வரை காத்திருக்கலாம். காத்திருக்க முடிந்தவரிடமே நிலம் தன் பயனைக் கொடுக்கும்.