ஒரே நாளில் ஐயாயிரம் மரணங்கள் குறைந்தது எப்படி?

2020 ஆகஸ்ட் 12 அன்று பிரிட்டன் அரசு வெளியிட்ட கொரோனா மரணங்களின் மொத்த எண்ணிக்கை 46,706-இலிருந்து 41,329-ஆக இறங்கியது. கணக்கில் யாரும் பிழை செய்யவில்லை. எதை ‘கொரோனா மரணம்’ என்று எண்ணுவது என்ற வரையறை மாறியிருந்தது.

ஏப்ரல் 1-இல் ஒருவருக்குத் தொற்று உறுதியாகிறது. மே 10-இல் அவர் இறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இடையில் 39 நாட்கள். இங்கிலாந்தின் பழைய முறையில் கால வரம்பே கிடையாது. அவர் குணமாகி வீடு திரும்பிப் பிறகு வாகனம் மோதி இறந்திருந்தாலும் பட்டியலில் சேர்வார். ஸ்காட்லாந்திலோ பரிசோதனைக்குப் பின் 28 நாட்களுக்குள் இறந்தால்தான் கணக்கு. அங்கே அவர் சேரமாட்டார். இந்த வேறுபாட்டை யூன் லோக், கார்ல் ஹெனகன் என்ற இரு பேராசிரியர்கள் அந்த ஜூலையில் சுட்டிக்காட்டினார்கள். இங்கிலாந்தின் கணக்குப்படி கொரோனாவிலிருந்து யாருமே குணமாக முடியாது என்றார்கள். அரசு மறுபரிசீலனை செய்து, நாடு முழுவதற்கும் 28 நாள் வரம்பை ஏற்றது.

அதுவரை இரு பகுதிகளின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டவர்கள், வெவ்வேறு பொருள்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரே தலைப்பு இருந்ததால் அது கண்ணுக்குத் தெரியவில்லை.

இதற்கு மருந்து, டேஷ்போர்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்திலேயே அதன் வரையறையைக் காட்டும் ஒரு பலகை. பிரிட்டனின் டேஷ்போர்டிலேயே ஒவ்வொரு வரைபடத்தோடும் ‘About’ என்றொரு பகுதி வந்தது. அளவுகளின் பெயரிலும் தெளிவு இருந்தது. `newDeaths28DaysByPublishDate` என்பது செய்தி வந்து சேர்ந்த நாளின்படி எண்ணுவது. `newDeaths28DaysByDeathDate` என்பது உயிர் பிரிந்த நாளின்படி எண்ணுவது. முதலாவது, வார இறுதியில் தகவல் தாமதமாவதால் ஞாயிறு, திங்களில் பள்ளமாகவும் அடுத்த நாட்களில் மேடாகவும் தெரியும். இரண்டாவதில் அந்த ஏற்ற இறக்கம் இல்லை. ஆனால் கடைசிச் சில நாட்களின் எண்கள் முழுமையாக வந்திருக்காது. இதைப் பலகை சொல்லாவிட்டால், வரைபடத்தின் வால் சரிவதைப் பார்த்து ‘நோய் தணிகிறது’ என்று மகிழ்ந்துவிடுவோம்.

பலகையைக் கையால் எழுதி ஒட்டினால் போதாதா? போதாது என்பது என் உறுதியான கருத்து. கணக்கு ஓரிடத்தில், விளக்கம் வேறிடத்தில் இருந்தால், ஒன்றை மாற்றியவர் மற்றதை மறந்துவிடுவார். பழைய விளக்கத்தோடு புதிய எண் நிற்கும். விளக்கமே இல்லாததைவிட அது மோசம், ஏனென்றால் படிப்பவர் நம்பிவிடுவார். ஆகவே கணக்கும் பலகையும் ஒரே கோப்பிலிருந்து பிறக்க வேண்டும். விளக்கத்துக்காக நான் எழுதிய ஒரு வடிவம் இது:

```yaml
metric: newDeaths28DaysByDeathDate
count: deaths
within_days: 28
since: first_positive_test
date_used: date_of_death
changed_on: 2020-08-12
```

இதே கோப்பைப் படித்துத்தான் கணினி தரவுத்தளத்தில் எண்ணுகிறது. இதே கோப்பிலிருந்துதான் ‘முதல் முறை தொற்று உறுதியானதிலிருந்து 28 நாட்களுக்குள் இறந்தவர்கள், இறந்த நாளின்படி’ என்ற வாக்கியத்தையும் உருவாக்குகிறது. நாளை ஒருவர் 28-ஐ 60 ஆக்கினால் எண்ணும் மாறும், வாக்கியமும் மாறும். மேலே சொன்ன ஏப்ரல் நோயாளி அப்போது கணக்கில் சேர்வார். பலகையைப் பார்த்தவருக்குக் காரணமும் தெரியும். மாற்றிய தேதி மிக முக்கியம். 2022 ஜனவரி 31 முதல் இங்கிலாந்தில் 90 நாட்களுக்குப் பின் மீண்டும் தொற்றியவர்களையும் புதிய தொற்றாக எண்ணத் தொடங்கினார்கள். அந்தத் தேதியைக் காணாதவர் எண் உயர்ந்ததற்கு நோயையே காரணம் காட்டுவார்.

இதிலும் ஓட்டைகள் உண்டு. பார்ப்பவர் டேஷ்போர்டில் ஒரு மாவட்டத்தையோ வயதுப் பிரிவையோ தேர்ந்தெடுத்தால் எண் சுருங்கும். பலகை அந்தத் தேர்வையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் வாக்கியம் சரி, எண் வேறு என்றாகிவிடும். மருத்துவமனையிலிருந்து தவறாக வந்த தகவலையும் எந்தப் பலகையும் திருத்தாது.

பலகை உண்மையானதா என்று சோதிக்க எளிய வழி உண்டு. அதைப் படித்த ஒருவரிடம் இருபது பேரின் பரிசோதனைத் தேதியையும் இறந்த தேதியையும் கொடுத்து, கையால் எண்ணச் சொல்லுங்கள். வரம்புக்கு ஒரு நாள் முன்னும் பின்னும் இறந்தவர்கள் அந்தப் பட்டியலில் கட்டாயம் இருக்கட்டும். அவருடைய விடையும் திரையின் விடையும் பொருந்தவில்லை என்றால், அந்தப் பலகையைத் திருத்தும்வரை டேஷ்போர்டை வெளியிடாதீர்கள்.