இரண்டாம் மேல்முறையீடு: சட்டம் எது, சங்கதி எது?

முன்சீப் கோர்ட்டில் தோற்றவர் சார்பு நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கும் தோற்றால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவை ஒரே ஏணியின் படிகளாகத் தெரியும். ஆனால் முதல் மேல்முறையீட்டுக்கும் இரண்டாம் மேல்முறையீட்டுக்கும் நடுவே சட்டம் ஒரு கதவு வைத்திருக்கிறது. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 100ஆவது பிரிவுதான் அந்தக் கதவு. வழக்கில் முக்கியமான சட்டக் கேள்வி ஒன்று இருப்பதாக உயர் நீதிமன்றம் கண்டால் மட்டுமே அது திறக்கும். கீழ்க் கோர்ட்டு சாட்சியைத் தவறாக எடைபோட்டுவிட்டது என்பது அதற்குப் போதாது.

மேல்முறையீடு செய்வது யாருக்கும் இயல்பாகவே உள்ள உரிமை அல்ல, சட்டம் எழுதித் தந்தால்தான் உண்டு. அதனால் எந்த அளவுக்கு மேல்முறையீடு செய்யலாம் என்பதையும் சட்டமே வரையறுக்கிறது. இந்தக் கட்டுப்பாடு பழையது. நடந்தவை பற்றிய முடிவு எவ்வளவு பெரிய தவறாக, எவ்வளவு மன்னிக்க முடியாததாகத் தோன்றினாலும், அதை மட்டும் காரணமாக வைத்து இரண்டாம் மேல்முறையீட்டை ஏற்க அதிகாரமில்லை என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1890இலேயே தீர்ப்புச் சொன்னது. ஆனாலும் உயர் நீதிமன்றங்கள் அவ்வப்போது சாட்சியங்களுக்குள் இறங்கிக்கொண்டேயிருந்தன. 1976இல் நாடாளுமன்றம் பிரிவைத் திருத்தி, வெறும் சட்டப் பிழை போதாது, முக்கியமான சட்டக் கேள்வி வேண்டும் என்று கதவை இன்னும் இறுக்கியது.

சட்டம் எது, சங்கதி எது என்பதைப் பாதைத் தகராறு ஒன்றின் வழியே பார்த்தால் எளிதில் விளங்கும். விளக்கத்துக்காகச் சொல்லும் கற்பனை வழக்குதான் இது. ஆனால் இப்படிப்பட்ட பிராது இல்லாத தாலுகா தமிழ்நாட்டில் அரிது. அண்ணன், தம்பி இருவர் 1978இல் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிக்கொள்கிறார்கள். தெருவை ஒட்டிய வடபாகம் அண்ணனுக்கு, பின்னால் இருக்கும் தென்பாகம் தம்பிக்கு. வடபாகத்தின் கீழ்ப்புறமுள்ள 6 அடிப் பாதை வழியாகத் தென்பாகத்தார் போக வர இருந்துகொள்ள வேண்டியது என்று பத்திரத்தில் ஒரு வரி இருக்கிறது. பல வருடம் கழித்துத் தென்பக்கமாக ஊராட்சி ஒரு சாலை போடுகிறது. அதன் பிறகு அண்ணன் மகன் பாதையின் குறுக்கே சுவர் எழுப்புகிறார். தம்பி மகன் சுவரை அகற்றக் கேட்டு வழக்குப் போடுகிறார்.

முன்சீப் கோர்ட்டில் பல கேள்விகள் எழும். பாதை இருந்ததா? அகலம் 6 அடியா, 3 அடியா? சுவர் எந்த வருடம் கட்டப்பட்டது? தென்பக்கச் சாலையில் வண்டி போகுமா? இவை எல்லாமே சங்கதிகள். பக்கத்து வீட்டுக்காரர் கூண்டில் ஏறிச் சொல்வதும், கமிஷனர் டேப் பிடித்து அளந்து தரும் அறிக்கையும் வரைபடமும் இவற்றுக்கு விடை தரும். சாட்சி தடுமாறியதை நேரில் பார்த்தவர் விசாரணை நீதிபதி. அந்தச் சாட்சியத்தை முழுமையாக மறுபடி அலசும் கடமை முதல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு உண்டு. சங்கதிகளைப் பொறுத்தவரை அதுதான் கடைசி நீதிமன்றம்.

பத்திரத்தில் உள்ள அந்த ஒரு வரி தம்பிக்கு என்ன உரிமை தருகிறது என்பது வேறு வகைக் கேள்வி. யாரைக் கூண்டில் ஏற்றியும் இதற்கு விடை வாங்க முடியாது. பத்திரத்தையும் சட்டத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீதிபதிதான் சொல்ல வேண்டும். பிரித்தறிய உதவும் முதல் உரைகல் இதுதான். இன்னொரு சாட்சி வந்து வேறு மாதிரி சொன்னால் விடை மாறுமா? மாறும் என்றால் அது சங்கதி. சங்கதிகள் எல்லாம் முடிவான பிறகும், இவற்றுக்குச் சட்டம் தரும் விளைவு என்ன என்று ஒரு கேள்வி மிஞ்சி நின்றால், அது சட்டம்.

பாதை வழக்கில் முன்சீப் வாதி பக்கம் தீர்ப்பளிக்கிறார். சார்பு நீதிமன்றம் அவர் கண்ட சங்கதிகள் அனைத்தையும் ஏற்கிறது. பாதை இருந்தது, 6 அடி அகலம், தம்பி குடும்பம் அதில்தான் நடந்தது. ஆனால் இப்போது தென்பக்கம் சாலை வந்துவிட்டதால் பாதைக்கு அவசியம் தீர்ந்தது, எனவே உரிமையும் தீர்ந்தது என்று வழக்கைத் தள்ளுபடி செய்கிறது. இந்த இடத்தில்தான் சட்டக் கேள்வி பிறக்கிறது. வசதியுரிமைச் சட்டத்தின் 41ஆவது பிரிவு, அவசியத்தால் உண்டான உரிமை அவசியம் தீர்ந்ததும் முடியும் என்கிறது. பத்திரம் எழுதிக் கொடுத்ததால் உண்டான உரிமைக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. இரண்டையும் சார்பு நீதிமன்றம் குழப்பிவிட்டது. ஒரு சாட்சியத்தைக்கூடத் தொடாமல் உயர் நீதிமன்றத்தால் இந்தத் தவறைத் திருத்த முடியும்.

இதே நீதிமன்றம் பாதையே கிடையாது, பிரதிவாதியின் சாட்சிகளைத்தான் நம்புகிறேன் என்று சொல்லி வழக்கைத் தள்ளியிருந்தால் கதை வேறு. தோற்றவருக்கு அது எவ்வளவு அநியாயமாகப் பட்டாலும், இரு தரப்பிலும் சாட்சியம் இருந்து ஒன்றை நீதிபதி நம்பியிருக்கிறார் என்றால், உயர் நீதிமன்றம் தலையிடாது. இரண்டாம் மேல்முறையீடுகளில் பெரும் ஏமாற்றம் இங்கேதான். எத்தனையோ குடும்பங்கள் வருடக்கணக்கில் காத்திருந்து, கேட்கவே முடியாத கேள்வியோடு அந்த வாசலில் நின்றிருக்கின்றன.

சங்கதியும் சட்டமும் கலந்து வரும் கேள்விகளும் உண்டு. இதில் மதுரை மீனாட்சி மில்ஸ் வருமான வரி வழக்கில் 1956இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை இன்றும் வழக்கறிஞர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். இடைநிலை வியாபாரிகள் பெயரில் நடந்த விற்பனைகள் உண்மையில் மில்லின் பினாமி வியாபாரமே என்று வரித் தீர்ப்பாயம் முடிவு செய்திருந்தது. பல சங்கதிகளைக் கோத்து ஊகித்த முடிவு என்பதால் அது சட்டக் கேள்வி என்று மில் தரப்பு வாதிட்டது. நீதிமன்றம் ஏற்கவில்லை. பல சங்கதிகளிலிருந்து இன்னொரு சங்கதியை ஊகித்தால் அதுவும் சங்கதிதான். பினாமியா இல்லையா என்பது நடந்தது என்ன என்ற கேள்வியே. மாறாக, கண்ட சங்கதிகள் ஒரு சட்ட விதியின் வரையறைக்குள் அடங்குமா என்று பார்க்கும்போது, சங்கதி பற்றிய முடிவு இறுதியானது, சட்ட விளைவு பற்றிய முடிவு மட்டும் மறுபரிசீலனைக்கு உரியது. ஊகம் இன்னொரு நிகழ்வில் போய் நின்றால் சங்கதி, ஓர் உரிமையிலோ கடமையிலோ போய் நின்றால் சட்டம் என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

சங்கதி பற்றிய முடிவே சட்டப் பிழையாகிவிடும் தருணங்களும் உண்டு. எந்தச் சாட்சியமும் இல்லாமல் முடிவு செய்தது, வழக்கின் போக்கையே மாற்றும் ஆவணத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டது, நிரூபிக்கும் பொறுப்பைத் தவறான தரப்பின் தலையில் வைத்தது ஆகியவை அத்தகையவை. பாதை வழக்கில் கமிஷனர் அறிக்கையைப் படித்து, எதிர்த்தரப்பின் ஆட்சேபத்தையும் சீர்தூக்கி, அதை நம்பவில்லை என்று காரணத்தோடு எழுதியிருந்தால் அது சங்கதி. அறிக்கை என்ற ஒன்று இருப்பதையே தீர்ப்பு சொல்லவில்லை என்றால் அது சட்டப் பிழை. எடைபோட்டது தவறு என்பதற்கும் எடையே போடவில்லை என்பதற்கும் உள்ள வேறுபாடு இது. நியாயமாக யோசிக்கும் எந்த நீதிபதியும் அந்தச் சாட்சியத்தை வைத்து அந்த முடிவுக்கு வந்திருக்க முடியாது என்றால், அந்த முடிவை விபரீதமானது என்பார்கள். அதுவும் சட்டப் பிழையே. ஆனால் வேறொரு நீதிபதி வேறு முடிவுக்கு வந்திருப்பார் என்பது மட்டும் முடிவை விபரீதமாக்காது.

இனி, எந்தச் சட்டக் கேள்வி முக்கியமானது? சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 1951இல் சொன்ன அளவுகோலையே 1962இல் உச்ச நீதிமன்றம் பெரும்பாலும் ஏற்றது. கேள்வி பொதுமக்களுக்கு முக்கியமானதாகவோ, கட்சிக்காரர்களின் உரிமையை நேரடியாகப் பாதிப்பதாகவோ இருக்க வேண்டும். கூடவே, அது இன்னும் முடிவாகாததாகவோ, மாற்றுக் கருத்துகளுக்கு இடம் தருவதாகவோ இருக்க வேண்டும். முடிவான விதியை வெறுமனே பொருத்திப் பார்ப்பது போதாது. அப்படியானால் பாதை வழக்கில் சட்டம் முன்பே தெளிவாக இருக்கிறதே என்று கேட்கலாம். தெளிவான சட்டத்துக்கு எதிராகவே கீழ் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தால் அதுவும் முக்கியமான சட்டக் கேள்விதான் என்று உச்ச நீதிமன்றம் பிற்காலத்தில் விளக்கியிருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு பாதை வழக்கில் 2006இல் தந்த தீர்ப்பும் இதைச் சொல்கிறது.

இந்த வேறுபாடு நடைமுறையில் மனு எழுதும் மேசையிலேயே தெரிந்துவிடும். கேள்வியை மேல்முறையீட்டு மனுவில் துல்லியமாக எழுத வேண்டும் என்று 100ஆவது பிரிவு கட்டாயப்படுத்துகிறது. பிரதிவாதியின் இரண்டாவது சாட்சியை நம்பியது சரியா என்று எழுதினால் அது சங்கதி. அதன் முன்னால் சட்டப்படி என்ற சொல்லைச் சேர்த்து, சட்டப்படி நம்பியது சரியா என்று எழுதினாலும் சங்கதியேதான். பாகப்பிரிவினைப் பத்திரத்தால் வந்த பாதையுரிமை, மாற்று வழி உண்டானதால் 41ஆவது பிரிவின்படி முடிந்துபோகுமா என்று எழுதினால், சாட்சிகளின் பெயரே இல்லாமல் கேள்வி தனித்து நிற்கிறது. அதற்கான விடை இதே போன்ற வேறு வழக்குக்கும் பயன்படும். நல்ல சட்டக் கேள்விக்கு இதுவே அடையாளம்.

உயர் நீதிமன்றம் மனுவைப் பார்த்துத் தானே கேள்வியை வகுத்து எழுத வேண்டும். அப்படி எழுதாமல் தீர்ப்பை மாற்றினால் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்யும். விசாரணையும் அந்தக் கேள்வியின் மேல்தான் நடக்கும். அப்படியொரு கேள்வி வழக்கில் எழவே இல்லை என்று எதிர்த்தரப்பு அப்போதும் வாதிடலாம். வகுக்கப்படாத வேறொரு முக்கியமான சட்டக் கேள்வியைக் கேட்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். மனு தாக்கல் செய்ய 90 நாள் அவகாசம். மூல வழக்கு 25,000 ரூபாய்க்கு மேற்படாத பணத்தை வசூலிப்பதற்கானது என்றால், எந்தக் கேள்வி எழுந்தாலும் இரண்டாம் மேல்முறையீடு கிடையாது.

சங்கதிக்குள் உயர் நீதிமன்றம் இறங்க 103ஆவது பிரிவு ஒரு குறுகிய வழி வைத்திருக்கிறது. தீர்க்க வேண்டிய ஒரு சங்கதியைக் கீழ் நீதிமன்றங்கள் தீர்க்காமல் விட்டிருந்தாலோ, சட்டக் கேள்வியில் செய்த பிழையால் தவறாகத் தீர்த்திருந்தாலோ, பதிவில் போதிய சாட்சியம் இருந்தால் அதைத் தானே தீர்க்கலாம். பாதை வழக்கில், உரிமை தொடர்கிறது என்று முடிவான பிறகு, சுவர் பாதையில் எத்தனை அடியை மறிக்கிறது என்பதை யாரும் சொல்லாமல் விட்டிருந்தால், உயர் நீதிமன்றமே கமிஷனர் வரைபடத்தைப் பார்த்து அளவைச் சொல்லி, சுவரை இடிக்க உத்தரவிடலாம்.