படம் போலியைக் காட்டிக் கொடுக்கும். அசலுக்குச் சாட்சி சொல்லாது

சில மாதங்களுக்கு முன், பக்கத்துத் தெருவில் இருக்கும் தம்பி ஒருவர் வாட்ஸ்அப்பில் ஐந்து படங்கள் அனுப்பினார். "அண்ணா, ஃபோக்ஸ்வேகன் ஒரிஜினல் அலாய். என் போலோவுக்கு அப்படியே உட்காரும்னு சொல்றாங்க. நாலும் சேர்த்து முப்பத்திரண்டாயிரம். பத்தாயிரம் அட்வான்ஸ் கேக்கறாங்க, அனுப்பிடட்டுமா?" விற்பவர் பெங்களூரில் கடை வைத்திருப்பவர். படங்கள் பளிச்சென்று இருந்தன. வீலின் நடுமூடியில் கம்பெனியின் சின்னம். பின்பக்கத்தில் வார்ப்பிலேயே எழும்பி நிற்கும் சின்னம், பாக எண், தேதி வட்டம். எதுவும் குறையாததுபோல் தெரிந்தது.

அட்வான்ஸ் அனுப்ப வேண்டாம் என்றேன். அந்த ஐந்து படங்களே அது போலி என்று சொல்லிவிட்டன.

பெங்களூரில் கார் அலங்காரப் பொருள் என்றால் ஜே.சி. ரோடுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். இன்று பேரமும் அட்வான்ஸும் கடை வாசலுக்குப் போகும் முன்பே கைபேசியில் முடிந்துவிடுகின்றன. அதனால் படத்தைப் படிக்கத் தெரிவது வாங்குபவருக்கு முதல் பாதுகாப்பு. அந்தத் தம்பியின் படங்களையே எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

முதலில் நடுமூடி. அதைக் கணக்கிலேயே எடுக்கக் கூடாது. சின்னம் போட்ட மூடி தனியாக, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். எந்த வீலிலும் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். சாட்சி வீலின் முதுகில்தான் இருக்கிறது.

முதுகில் இருந்த எண் 1K0 601 025 என்று தொடங்கியது. ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் பாக எண்ணில் முதல் மூன்று எழுத்துகள் எந்த மாடலுக்காக அந்தப் பாகம் உருவானது என்பதைச் சொல்லும். நடுவிலுள்ள 601 025 அது அலாய் வீல் என்பதைச் சொல்லும். 1K0 என்பது ஐந்தாம் தலைமுறை கோல்ஃப் குடும்பத்தின் எண். இந்தியாவில் ஓடிய அந்தக் கால ஜெட்டாவும் அந்தக் குடும்பம்தான். நம் ஊர் போலோவின் வரிசை 6R0. ஜெட்டாவில் ஐந்து போல்ட்டுகளும் 112 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் நிற்கும். போலோவில் 100 மில்லிமீட்டர். இந்த அளவைத்தான் கடைக்காரர்கள் பி.சி.டி. என்கிறார்கள். ஆகவே எண் உண்மை என்றால் வீல் போலோவில் உட்காராது. வீல் போலோவில் உட்காரும் என்றால் எண் பொய்.

இரண்டில் எது என்பதையும் படமே சொன்னது. இந்தக் கார்களின் அசல் வீலில் நடுத்துளை 57.1 மில்லிமீட்டர். ஐந்து ஓட்டை உள்ள வீலில், பக்கத்துப் பக்கத்து ஓட்டைகளின் மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தை 1.7 ஆல் பெருக்கினால் பி.சி.டி. கிடைக்கும். 100 என்றால் அந்த இடைவெளி சுமார் 58.8 மில்லிமீட்டர், 112 என்றால் 65.8. அதாவது போலோ வீலில் ஓட்டைகளின் இடைவெளியும் நடுத்துளையின் அகலமும் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரியும். ஜெட்டா வீலில் இடைவெளி ஏழில் ஒரு பங்கு கூடுதலாக இருக்கும். நேராக எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கி ஸ்கேல் வைத்தேன். நடுத்துளை 40 மில்லிமீட்டர், ஓட்டை இடைவெளி 41. அது போலோவின் 100 அளவு. ஜெட்டாவின் எண்ணைச் சுமந்தபடி, போலோவின் ஓட்டைகளோடு ஒரு வீல். அந்தக் கம்பெனி அப்படி ஒன்றை வார்க்கவில்லை. அசல் ஜெட்டா வீலின் ஓட்டைகளை அடைத்து மறுபடி துளைத்திருக்கலாமே என்று கேட்கலாம். அப்படியென்றாலும் அதைத் தொடக் கூடாது. போல்ட் உட்காரும் இடம்தான் வீலின் உயிர்நாடி.

அடுத்தது எழுத்தின் உருவம். அசல் வார்ப்பெழுத்து எஃகு அச்சில் வெட்டப்பட்டிருப்பதால் அதன் விளிம்பு கூர்மையாக இருக்கும். அதைச் சுற்றியுள்ள பரப்பும் எழுத்தும் ஒரே சொரசொரப்பில், ஒரே பெயின்ட்டுக்கு அடியில் இருக்கும். அசல் வீலையே மாதிரியாக வைத்து அச்செடுத்தால், அலுமினியம் ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் சுருங்குவதால் எழுத்து கொஞ்சம் சிறுத்து, ஓரம் மழுங்கி, சோப்புக்கட்டியில் தேய்ந்த பெயர்போல ஆகிவிடும். இன்னொரு வழி, வேறு கம்பெனியின் பெயரைக் கிரைண்டரால் அராவி, பெயின்ட் அடித்து, புதுச் சின்னத்தைப் பொறிப்பது. அந்தத் தம்பியின் மூன்றாவது படத்தில் சின்னத்தைச் சுற்றி மட்டும் பரப்பு வழவழப்பாக, லேசாகக் குழிந்து இருந்தது. பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படமாதலால் அது தப்பாமல் தெரிந்தது.

மூன்றாவது, போல்ட் உட்காரும் இடம். ஃபோக்ஸ்வேகனின் போல்ட் தலைக்கு அடியில் உருண்டையாக இருக்கும். அதற்கேற்ப வீலில் கிண்ணம்போன்ற குழி வேண்டும். வெளிச்சந்தை வீல்களில் பெரும்பாலும் புனல்போல நேராகச் சரியும் குழிதான். உருண்டைத் தலை புனலில் மெல்லிய ஒரு வளையக் கோட்டில் மட்டுமே தொடும். இறுக்கியது போலத் தெரிந்தாலும் ஓட்டத்தில் தளரும். படத்தில் இருந்தது புனல்.

ஆனால் படத்துக்கு ஓர் எல்லை உண்டு. மேலே சொன்ன முரண்களில் ஒன்று அகப்பட்டாலும் போலி என்று முடிவு செய்யலாம். ஒன்றும் அகப்படாவிட்டால் அசல் என்று முடிவு செய்ய முடியாது. அந்தப் படமே வேறொருவருடைய அசல் வீலின் படமாக இருக்கலாம். உலோகத்தின் உள்ளே இருக்கும் காற்றுக்குமிழியைக் கேமரா காட்டாது. அதேபோல, இல்லாத ஒன்றை வைத்தும் தீர்ப்பு சொல்லக் கூடாது. நல்ல வெளிச்சந்தைக் கம்பெனிகள்கூட வீலை ஓட்டையில்லாமல் வார்த்து, பிறகு காருக்கேற்பத் துளைப்பார்கள். அதனால் பி.சி.டி. வார்ப்பில் இல்லாமல் பிறகு குத்தப்பட்டிருப்பது குற்றமல்ல. ஜே.டபிள்யூ.எல். என்ற முத்திரையைக் கண்டதும் மயங்கவும் வேண்டாம். அது ஜப்பானின் அலாய் வீல் தரத்துக்குப் பொருந்துகிறது என்று தயாரித்தவரே சொல்லிக்கொள்வது. வி.ஐ.ஏ. என்ற முத்திரைக்குத்தான் வெளியார் பரிசோதனையும் பதிவும் உண்டு. இரண்டையுமே போலி அச்சில் வெட்ட முடியும்.

இதெல்லாம் ஏதோ பிராண்டு கௌரவம் என்று நினைக்க வேண்டாம். வீலின் முதுகில் இருக்கும் எழுத்து ஒரு வாக்குறுதி. அதில் 'அதிகபட்சச் சுமை' என்று ஒரு கிலோ கணக்கு இருக்கும். உங்கள் காரின் கதவோரத் தகட்டில் ஒவ்வொரு அச்சுக்கும் அனுமதித்த எடை போட்டிருக்கும். 850 கிலோ என்றால், அந்த அச்சின் ஒவ்வொரு வீலும் குறைந்தது 425 கிலோ தாங்க வேண்டும். அசல் வீலில் அந்த எண்ணுக்குப் பின்னால் வளைப்புச் சோதனை, உருட்டுச் சோதனை, மோதல் சோதனை இருக்கின்றன. போலியில் அது வெறும் வடிவம். வார்ப்புக்குப் பிறகு செய்ய வேண்டிய வெப்பப் பதப்படுத்தலைச் செலவு மிச்சமென்று விட்டுவிட்டால் உலோகம் தேவையான உறுதியைப் பெறாது. பெங்களூர்ப் பள்ளங்களில் விழுந்து விழுந்து, ஸ்போக்கும் வளையமும் சேரும் இடத்தில் முதுகுப்பக்கம் மயிரிழை விரிசல் விடும். அடிக்கடி ஒரே டயரில் காற்று இறங்கினால் டயரை மட்டும் பார்க்காதீர்கள். வீலைக் கழற்றி முதுகைப் பாருங்கள்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை அதிகமில்லை. வீலின் முதுகை முழுதாக ஒரு படம், ஒவ்வொரு எழுத்தும் பக்கவாட்டு வெளிச்சத்தில், போல்ட் குழி கிட்டத்தில், நடுத்துளை மீது ஸ்கேல் வைத்து நேராக ஒரு படம். இவற்றோடு முகத்திலிருந்து முதுகுவரை வெட்டாமல் எடுத்த ஒரு வீடியோ; அதில் உங்கள் பெயரும் அன்றைய தேதியும் எழுதிய தாள் வீல்மேல் இருக்க வேண்டும். கம்பெனி வீல் என்றால் பாக எண்ணை அதன் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரின் பாகங்கள் கவுன்ட்டரில் சொல்லி, எந்த வண்டிக்கு உரியது என்று கேளுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால், அதன் கீழுள்ள லைசென்ஸ் எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் லைசென்ஸ் யாருடையது என்று தெரிந்துவிடும். பில்லில் 'அலாய் வீல் 4' என்று மட்டும் எழுத விடாதீர்கள். பிராண்டு, பாக எண், 'அசல்' என்ற சொல் மூன்றும் இருக்கட்டும். பில் தர மறுப்பதே நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? வீலைக் கழற்றி வையுங்கள், எறியாதீர்கள், விற்காதீர்கள். 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டத்தில் 103, 104 பிரிவுகளின்படி பொய்ச் சின்னம் போடுவதும் அப்படிப்பட்ட பொருளை விற்பதும் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம்வரை அபராதம் உள்ள குற்றங்கள். போலி என்று தெரிந்தபின் அதை இன்னொருவர் தலையில் கட்டினால் நீங்களும் அந்தப் பிரிவுக்குள் வருவீர்கள்.

விளம்பரம், உரையாடல், யு.பி.ஐ. ரசீது எல்லாவற்றையும் மூலக் கைபேசியிலேயே அழிக்காமல் வைத்திருங்கள். சின்னத்தின் சொந்தக்காரக் கம்பெனிக்குப் படங்களை அனுப்பி எழுத்தில் பதில் கேளுங்கள். 'இது எங்கள் தயாரிப்பல்ல' என்ற ஒரு வரி, உங்கள் பத்துப் படங்களைவிட வலுவானது.

பிறகு கடைக்காரருக்கு எழுத்து மூலம் நோட்டீஸ். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டின் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். கடை எங்கிருந்தாலும் சரி. கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். வீலை ஆய்வகத்துக்கு அனுப்பும்படி ஆணையத்தைக் கேட்கலாம். படம் சொல்லாததை அங்கே உலோகம் சொல்லும். போலிப் பொருளால் மரணம் நேர்ந்தால், அதே சட்டத்தின் 91ஆம் பிரிவு தண்டனையை ஆயுள் சிறைவரை கொண்டுபோகிறது. ஆன்லைன் தளத்தில் வாங்கியிருந்தால், குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

விற்றவர் கடைக்காரர் அல்ல, பழைய வீலை விற்ற தனிநபர் என்றால் நுகர்வோர் ஆணையம் பொதுவாக உதவாது. போலி என்று தெரிந்தே அசல் என்று விற்றிருந்தால் அது ஏமாற்றுக் குற்றம். காவல் நிலையத்துக்குத்தான் போக வேண்டும். பணத்தை ஆன்லைனில் வாங்கிக்கொண்டு ஆளே மறைந்துவிட்டால், அந்த நிமிடமே 1930க்கு அழையுங்கள், அல்லது cybercrime.gov.in தளத்தில் பதியுங்கள். தாமதித்தால் பணம் கைமாறிப் போய்விடும்.

அந்தத் தம்பி பணம் அனுப்பவில்லை. போல்ட் குழியின் படம் இன்னொன்று கேட்டதும் விற்பவர் பதில் சொல்வதை நிறுத்திவிட்டார். நீங்களும் வீலின் முகத்தைப் பார்த்து விலை பேசாதீர்கள். முதுகைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.