வழியிலேயே நிற்கும் நாய்க்குட்டி

புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டங்களில் நாய்க்குட்டிக்குக் காசு கொடுத்த ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பக்கத்து வரிசை வீட்டு நாய் ஈன்றால், பால் மறந்ததும் போய் ஒன்றைத் தூக்கி வருவோம். இப்போது பிள்ளைகள் கேட்பது கைப்பேசியில் பார்த்த பொமரேனியனை. அதற்குக் கிள்ளானுக்கோ கோலாலம்பூருக்கோ போக வேண்டும். விலையைக் கேட்டால் தலை சுற்றும். அந்த நேரம் பார்த்து ஒரு விளம்பரம் கண்ணில் படும். வீட்டு மாற்றத்தால் குட்டியை விற்கிறார்களாம். விலை 600 வெள்ளிதான். முன்பணம் 200 போட்டால் எடுத்து வைப்பார்கள்.

குட்டி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். எப்போதும் தொலைவில்தான் இருக்கும். ஜொகூர் என்பார்கள், கூச்சிங் என்பார்கள். கூச்சிங் என்றால் மோசடிக்காரருக்கு இன்னும் வசதி. 2017இல் சரவாக்கில் வெறிநாய்க்கடி நோய் பரவியது. அங்கிருந்து தீபகற்பத்துக்கு நாய் வர கால்நடைச் சேவைத் துறையின் அனுமதி வேண்டும். இது உண்மை. இந்த உண்மையின் மேல்தான் பொய்க் கட்டணங்களை அடுக்குகிறார்கள்.

கணக்கை ஓட்டிப் பார்ப்போம். முன்பணம் 200. மறுநாள் ‘போக்குவரத்து நிறுவனம்’ வாட்ஸ்அப்பில் வருகிறது: விமானச் செலவு 180. குட்டி விமான நிலையத்துக்கு வந்துவிட்டதாம், குளிரூட்டிய கூண்டு இல்லாமல் ஏற்ற மாட்டார்களாம்: 350. ஆனால் கூண்டுப் பணம் குட்டி வந்ததும் திரும்பக் கிடைக்குமாம். அடுத்து தடுப்பூசிச் சான்றிதழ் 250. மொத்தம் 980 வெள்ளி. 600 வெள்ளிக் குட்டிக்கு 980 கட்டியும் வாசலில் குரைப்புச் சத்தம் இல்லை.

இதில் ஆளை வீழ்த்துவது கூண்டுப் பணம்தான். 200 போனால் போகிறது என்று விட்டுவிடலாம். ‘திரும்பக் கிடைக்கும்’ என்றதும், கட்டாவிட்டால்தான் நட்டம் என்று மனம் கணக்குப் போடுகிறது. இனி கட்டமாட்டேன் என்று ஒருவர் நின்றுவிட்டால் பேச்சு மாறும்: குட்டியைக் கைவிட்டதற்கு வழக்கு, அபராதம் என்று மிரட்டுவார்கள். கையில் வாங்காத குட்டியை எப்படிக் கைவிட முடியும் என்று அந்த நேரத்தில் யாருக்கும் கேட்கத் தோன்றாது.

இந்தத் தந்திரம் நம் ஊரில் பிறந்ததில்லை. 2020 டிசம்பரில் அமெரிக்காவின் மேற்குப் பென்சில்வேனியாவில், ருமேனியாவில் படித்துக்கொண்டிருந்த கேமரூன் நாட்டவர் ஒருவர் மீது குற்றம் சாட்டப்பட்டது. குட்டை டேக்ஸ்ஹண்ட் குட்டிகளை இணையத்தில் காட்டிப் பணம் வாங்கியதாகவும், பிறகு போலிப் போக்குவரத்து நிறுவனத்தின் பெயரில் கோவிட் காலத்துக் கட்டணங்கள் கேட்டதாகவும் அரசுத் தரப்பு சொன்னது. அந்தக் கட்டணங்களிலும் ‘திருப்பித் தரப்படும் கூண்டு’ இருந்தது. காலத்துக்கு ஏற்ற பயம் ஒன்று கிடைத்தால் போதும். அன்று கோவிட், இன்று வெறிநாய்க்கடி.

கண்டுபிடிக்க வழி உண்டு. காணொலி அழைப்பில் குட்டியைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு தாளில் உங்கள் பெயரையும் இன்றைய தேதியையும் எழுதிக் குட்டியின் பக்கத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். குட்டி இருப்பவருக்கு இது ஒரு நிமிட வேலை. இல்லாதவர் கேமரா கெட்டுவிட்டது என்பார், அல்லது வேறு ஒருவர் கேட்டுவிட்டார் என்று அவசரப்படுத்துவார். கணக்கு எண்ணையும் பாருங்கள். விற்பவர் ஒரு பெயர், டுயிட்நவ் காட்டுவது இன்னொரு பெயர் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். கணக்கை வாடகைக்கு விட்டவரின் பெயராக இருக்கும் அது. மலாய்க்காரர்கள் அதைக் ‘கழுதைக் கணக்கு’ என்கிறார்கள். நாய் வாங்கப் போய்க் கழுதைக்குப் பணம் கட்டிய கதை. அந்த எண் ஏற்கெனவே போலீஸ் புகாரில் வந்திருக்கிறதா என்று semakmule.rmp.gov.my பக்கத்தில் தேடலாம். ஆனால் அங்கே இல்லை என்பதால் நல்ல கணக்கு என்று அர்த்தமில்லை. நேற்றுத் திறந்த கணக்கின் மேல் புகார் எப்படி இருக்கும்?

பணம் போய்விட்டதா? விற்றவரிடம் கெஞ்சி நேரம் கழிக்காதீர்கள். கழுதைக் கணக்கில் விழும் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குச் சீக்கிரம் மாறிவிடும். தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997ஐ உடனே அழையுங்கள், அல்லது உங்கள் வங்கியின் அவசர எண்ணை. அதன்பின் பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் புகார். உரையாடலை அழிக்காமல், பணம் கட்டிய ரசீதுகளோடு எடுத்துப் போங்கள்.

பிள்ளை இன்னும் அடம்பிடித்தால், ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குக் காரை எடுங்கள். குட்டியைக் கையில் தூக்கிப் பார்த்த பிறகு பணப்பையைத் திறந்தால் போதும்.